வாஷரா, ஷெல்லா? முதலில் பட்டையை வரையுங்கள்

கல்லூரி முதலாண்டு கால்குலஸ் தேர்வில் எனக்கு வந்த கணக்கு இது. y = 4x − x² என்ற பரவளையத்துக்கும் y = x என்ற நேர்கோட்டுக்கும் நடுவில் அடைபட்ட பரப்பை y அச்சைச் சுற்றிச் சுழற்ற வேண்டும். கிடைக்கும் திண்மத்தின் கன அளவு என்ன? நான் எழுதிய விடை 49π/6. சரியான விடை 27π/2. விடைத்தாள் கைக்கு வந்ததும் வரிவரியாகச் சரிபார்த்தேன். தொகையீட்டில் எங்கேயும் பிழை இல்லை. பிழை முதல் வரியிலேயே, எல்லைகளை எழுதிய இடத்தில் இருந்தது.

அப்போது நான் மனப்பாடமாக வைத்திருந்த விதி, "x அச்சு என்றால் dx, y அச்சு என்றால் dy, இரண்டுக்கும் வாஷர்" என்பது. ஆரம்பத்தில் செய்து பழகும் கணக்குகளில் இந்த விதி சறுக்காது. உதாரணமாக y = x², y = 2x இவற்றுக்கு இடைப்பட்ட பரப்பை y அச்சைச் சுற்றிச் சுழற்றினால், வாஷரில் போட்டாலும் ஷெல்லில் போட்டாலும் இரண்டு வரியில் 8π/3 வந்துவிடும். அதனால் எந்த முறை என்பது அவரவர் விருப்பம் என்று நினைத்துவிடுகிறோம். என் தேர்வுக் கணக்கில் அப்படி இல்லை.

அந்தக் கணக்கின் படத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். 4x − x² = x என்று வைத்தால் x = 0, x = 3. அதாவது கோடும் பரவளையமும் (0, 0), (3, 3) என்ற இரண்டு புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. இப்போது ஒரு ஸ்கேலைப் படத்தின்மேல் கிடையாக வைத்து, கீழேயிருந்து மெல்ல மேலே நகர்த்துங்கள். பரப்புக்குள் விழும் மெல்லிய துண்டுதான் பட்டை. அதன் இடது முனை பரவளையத்தைத் தொடுகிறது, வலது முனை கோட்டைத் தொடுகிறது. y = 3 வரை இப்படியே போகும். அதைத் தாண்டியதும் கோடு காணாமல் போய், இரண்டு முனையும் பரவளையத்தையே தொடத் தொடங்கும். ஏனென்றால் பரவளையத்தின் உச்சி (2, 4) என்ற புள்ளியில் இருக்கிறது. பரப்பு y = 4 வரை நீள்கிறது. நான் வெட்டும் புள்ளிகளை மட்டும் பார்த்து 0 முதல் 3 வரை தொகையிட்டு, மேலே இருந்த தொப்பி போன்ற துண்டை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது ஸ்கேலை நிமிர்த்தி, செங்குத்தாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். x = 0 முதல் x = 3 வரை கீழ்முனை எப்போதும் கோட்டில்தான் இருக்கும், மேல்முனை எப்போதும் பரவளையத்தில்தான் இருக்கும். எங்கேயும் ஆள் மாறுவதில்லை. பட்டையின் உயரம் எல்லா இடத்திலும் (4x − x²) − x, அதாவது 3x − x².

முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இதுதான். முனைகள் கடைசிவரை அதே இரண்டு வளைவரைகளில் நிற்கிற பட்டையை முதலில் எடுங்கள். அச்சை அதற்கு அப்புறம் பாருங்கள். பட்டை அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால், சுழலும்போது அது குழாயில் போடும் வாஷர் மாதிரி நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தகடாகும். பட்டை அச்சுக்கு இணையாக இருந்தால் மெல்லிய உருளைச் சுவர், அதாவது ஷெல் ஆகும். தண்ணீர் பாட்டிலில் சுற்றியிருக்கும் லேபிளை நெடுக வெட்டி விரித்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும் அல்லவா? அதன் நீளம் 2π × ஆரம், அகலம் பட்டையின் உயரம், தடிமன் dx. ஷெல் சூத்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

நம் பட்டை செங்குத்து, அச்சும் செங்குத்து. ஆகவே ஷெல். y அச்சிலிருந்து பட்டைக்குள்ள தூரம் x என்பதால்,

```
V = 2π ∫₀³ x(3x − x²) dx
  = 2π [x³ − x⁴/4]₀³
  = 2π (27 − 81/4)
  = 27π/2
```

இதையே வாஷரில் முடிக்க முடியாதா என்றால், முடியும். பரவளையத்தை x-க்குத் தீர்த்து x = 2 ± √(4 − y) என்று எழுத வேண்டும். 0 முதல் 3 வரை வெளி ஆரம் y, உள் ஆரம் 2 − √(4 − y). 3 முதல் 4 வரை வெளி ஆரம் 2 + √(4 − y), உள் ஆரம் பழையதே. முதல் துண்டு 49π/6 தரும், இரண்டாவது 16π/3 தரும். கூட்டினால் 27π/2. நான் தொலைத்தது அந்த 16π/3. பரவளையம் என்பதால் x-க்குத் தீர்க்கவாவது முடிந்தது. y = 4x − x³ போன்ற முப்படி வளைவரை வந்தால் கிடைப் பட்டையின் முனைகளை எழுதுவதே பெரும்பாடாகிவிடும்.

இதே பரப்பை x அச்சைச் சுற்றிச் சுழற்றச் சொன்னால் பட்டையை மாற்ற வேண்டாம். செங்குத்துப் பட்டைக்கு x அச்சு செங்குத்து, அதனால் இப்போது வாஷர். வெளி ஆரம் 4x − x², உள் ஆரம் x. ஒவ்வொன்றையும் தனியாக வர்க்கப்படுத்தி அப்புறம் கழித்தால் π ∫₀³ [(4x − x²)² − x²] dx = 108π/5. முதலில் கழித்துவிட்டு (3x − x²)² என்று வர்க்கப்படுத்தினால் 81π/10 வரும். அது நடுவில் ஓட்டையே இல்லாத வேறொரு திண்மத்தின் கன அளவு. ஷெல்லில் உயரத்துக்காக வளைவரைகளைக் கழித்துப் பழகிய கை, வாஷரிலும் அதையே செய்யப் பார்க்கும். வாஷர் என்று முடிவு செய்ததும் R, r இரண்டையும் தனித்தனி வரியில் எழுதிவிடுங்கள்.

அச்சு இடம் மாறினால் ஷெல்லில் மாறுவது ஆரம் மட்டும்தான். அச்சு x = −1 என்றால் பட்டைக்குள்ள தூரம் x + 1, விடை 45π/2. மைனஸைப் பார்த்து x − 1 என்று போடுகிறவர்களுக்கு 9π/2 வரும். அச்சு பரப்பை விட்டு விலகிப் போயிருக்கிறது, எனவே கன அளவு 27π/2-ஐ விடக் கூடத்தான் வேண்டும். குறைந்தால் ஆரம் தப்பு. அச்சு x = 4 என்றால் ஆரம் 4 − x. அச்சு பரப்பின் நடுவே போனால், உதாரணமாக x = 1 என்றால், இந்தச் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது. ஒரு பக்கம் சுழன்ற இடத்திலேயே மறுபக்கமும் வந்து விழும்.

விடையைச் சரிபார்க்க நான் இப்போது பப்பஸ் தேற்றத்தைப் பயன்படுத்துகிறேன். அச்சு பரப்பை வெட்டாதவரை, கன அளவு என்பது பரப்பளவையும், சுழலும்போது பரப்பின் மையம் கடக்கும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. நம் பரப்பளவு ∫₀³ (3x − x²) dx = 9/2. பட்டையின் உயரம் 3x − x², x = 1.5-க்கு இரண்டு பக்கமும் சமச்சீராக இருப்பதால் மையத்தின் x ஆயத்தொலைவு கணக்கே போடாமல் 1.5. அது கடக்கும் தூரம் 3π. பெருக்கினால் 27π/2. மையம் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கணக்குகளிலும், படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு மையம் வைத்துப் பெருக்கிப் பார்க்கலாம். 49π/6 என்றால் கிட்டத்தட்ட 8.2π. அந்த விடை சரியாக இருக்க, மையம் அச்சிலிருந்து 0.9 தூரத்தில் இருந்திருக்க வேண்டும். 0 முதல் 3 வரை பரந்து, நடுவில் பருத்திருக்கும் பரப்புக்கு அது பொருந்தாது என்று படமே காட்டிக்கொடுத்துவிடும்.