மொய் நோட்டிலிருந்து மளிகை பில் வரை: நூறில் தொடங்கும் மனக்கூட்டல்

பேனாவும் கால்குலேட்டரும் இல்லாமல் பெரிய எண்களைக் கூட்டிப் பழகுவது கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. பள்ளியில் படித்தபடி ஒன்றுகளிலிருந்து தொடங்காமல் நூறுகளை முதலில், பத்துகளை அடுத்து, ஒன்றுகளைக் கடைசியில் கூட்டுகிறேன். எது வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது என்பதை எழுதி வைக்கிறேன்.

467-உடன் 358-ஐக் கூட்ட வேண்டும். பள்ளி முறை என்றால் ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தைப் போட்டு ஒன்று கையில். ஆறும் ஐந்தும் ஒன்றும் பன்னிரண்டு, இரண்டைப் போட்டு மறுபடி ஒன்று கையில். தாளில் இது சுகம். மனதிலோ ‘போட்ட’ ஐந்தையும் இரண்டையும் எங்கேயாவது பிடித்து வைத்திருந்து, கடைசியில் தலைகீழாகத் திருப்பி 825 என்று படிக்க வேண்டும்.

இடமிருந்து போனால் பிடித்து வைக்க ஒரே ஓர் எண்தான். 467-உடன் 300 சேர்த்தால் 767, 50 சேர்த்தால் 817, 8 சேர்த்தால் 825. இங்கே எனக்கு வேகம் வந்தது ஒரு சின்ன ஒழுங்கால். “எழுநூற்று அறுபத்தேழும் ஐம்பதும் எண்ணூற்றுப் பதினேழு” என்று மனதுக்குள் ஓதுவதை நிறுத்திவிட்டு விடையை மட்டும் சொல்கிறேன்: 767, 817, 825. புது எண் வந்ததும் பழையதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டால் எது நடப்பு மொத்தம் என்ற குழப்பம் உடனே வந்துவிடும்.

பயிற்சிக்கு முதலில் கிடைத்தது வீட்டு விசேஷத்தின் மொய் நோட்டு. மாமா கால்குலேட்டரோடு உட்கார்ந்து தொகையை வாசிக்க, நான் மனதில் ஓட்டினேன். நூறுகளை நாம் முதலில் சொல்வதால், வாசிப்பவர் வாயிலிருந்து “முந்நூற்று…” என்று வந்ததுமே கூட்டத் தொடங்கிவிடலாம். வலமிருந்து கூட்டுபவர் முழு எண்ணும் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். “என்னடா, நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள சொல்லிடுற?” என்றார் மாமா.

ஆனால் மொய் நோட்டு கொஞ்சம் சலுகை தருகிற நோட்டு. ஒரு பக்கம் இப்படி: 501, 201, 1001, 251, 101, 501, 151, 2001, 501, 301. எல்லாமே ஒன்றில் முடிகின்றன. எனவே ஒன்றுகளின் கூட்டுத்தொகை, பக்கத்தில் எத்தனை பேர் என்பதுதான். பத்துப் பேர், பத்து ரூபாய். நூறுக்கு மேல் உள்ளதை மட்டும் ஓட்டினால் 500, 700, 1,700, 1,900, 2,000, 2,500, 2,600, 4,600, 5,100, 5,400. இரண்டு ஐம்பதுகள் சேர்ந்து 5,500. ஆட்களைச் சேர்த்தால் 5,510. நடுவில் யாராவது 500 என்று முழுசாக எழுதியிருந்தால், அந்த ஆளை எண்ணிக்கையில் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மளிகை பில்லில் இந்தச் சலுகை கிடையாது. பைசாவைத் தள்ளிவிட்டு ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம்: 347, 285, 168, 496, 73. கண் முன்னால் பட்டியல் இருப்பதால் ஒவ்வொரு எண்ணாக முடிக்காமல் எல்லா நூறுகளையும் முதலில் திரட்டுகிறேன்: 300, 500, 600, 1,000. மறுபடி மேலே போய்ப் பத்துகள்: 1,040, 1,120, 1,180, 1,270, 1,340. கடைசியில் ஒன்றுகள்: 1,347, 1,352, 1,360, 1,366, 1,369. நூறுகளை முடித்த அந்த நொடியிலேயே விடை எந்த எல்லைக்குள் விழும் என்று தெரிந்துவிடுவது இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஐந்து எண்களிலும் மிச்சம் இருப்பது அதிகபட்சம் தலைக்கு 99. ஆகவே விடை 1,000-க்குக் குறையாது, 1,495-ஐத் தாண்டாது. ஒன்றுகளிலிருந்து தொடங்கியிருந்தால் அதே நேரத்தில் கையில் இருப்பது ‘விடை 9-இல் முடியும்’ என்ற தகவல் மட்டுமே.

496-ஐப் பார்த்ததும் 500 சேர்த்து 4 கழிக்கலாமே என்று கை துறுதுறுக்கும். எண் எண்ணாகக் கூட்டும்போது அது அருமையான வழி. நூறுகளை மொத்தமாகத் திரட்டும்போது வேண்டாம். பத்துகளுக்காக மறுபடி மேலே போகும்போது, அந்த 9-ஐ ஏற்கெனவே சேர்த்தாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் வரும்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலேயே, இட வரிசைப்படியோ அதற்கு எதிர் வரிசையிலோ கூட்டலாம் என்று இரண்டு வழியும் இருக்கிறது. அங்கே லீலாவதியிடம் கேட்கப்படும் முதல் கணக்கு 2, 5, 32, 193, 18, 10, 100 ஆகியவற்றைக் கூட்டுவது. நம் வழியில் நூறுகள் 200. பத்துகள் சேர 230, 320, 330, 340. ஒன்றுகள் எல்லாம் சேர்ந்து 20. விடை 360.

அப்புறம், எங்கே தவறுகிறது? இரண்டு இடங்களில். ஒன்று, நூறைத் தாண்டும் இடம். 1,180-உடன் 90 சேர்க்கும்போது நாக்கு 1,170 என்று சொல்லிவிடும். விடை சரியாக 100 குறையும். இன்னொன்று இடம் மாறுவது: 73-இல் உள்ள ஏழை நூறுகளோடு சேர்த்துவிடுவது. பட்டியலில் மூன்று இலக்க எண்களுக்கு நடுவே ஓர் இரண்டு இலக்க எண் நின்றால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

சரிபார்க்க ஒன்பதைத் தள்ளும் பழைய முறையைச் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் 347-க்கு 5, 285-க்கு 6, 168-க்கு 6, 496-க்கு 1, 73-க்கு 1. மொத்தம் 19, அதாவது 1. விடை 1,369-க்கும் 19, அதாவது 1. பொருந்துகிறது. 1,269 என்று வந்திருந்தால் 18, அதாவது 9, பிடிபட்டிருக்கும். ஆனால் இடம் மாறிய தவறை இது பிடிக்காது. 73-ஐ 730 என்று எடுத்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லையே. அதற்குத் தோராயக் கணக்குதான் மருந்து: 350, 290, 170, 500, 70, மொத்தம் 1,380. அப்படியிருக்க இரண்டாயிரத்தைத் தொடும் விடை வந்தால் எங்கோ இடம் மாறியிருக்கிறது. இரண்டு சோதனையும் வேறு வேறு தவறுகளைப் பிடிப்பதால் இரண்டையும் செய்கிறேன்.

நான்கு இலக்கத்துக்குப் போனதும் ஒரு வரம்பு தெரிகிறது. 4,678-உடன் 5,324: 9,678, 9,978, 9,998, 10,002. கடைசி நான்கைச் சேர்க்கும்போது எல்லா இலக்கமும் ஒரேயடியாகப் புரண்டுவிட்டது. மனதில் இதனால் கஷ்டமில்லை. ஆனால் விடையின் முதல் இலக்கத்தை முன்கூட்டியே தாளில் எழுதியிருந்தால் அடிக்க வேண்டியதுதான். வலமிருந்து போனால் எழுதிய இலக்கத்தைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. தாளில் கூட்டும்போது நான் இன்னும் அந்த வழிதான்.

இப்போது பழகுவது நான்கு இலக்கத்தில் ஐந்து வரி. ஆயிரங்களும் நூறுகளும் முடிந்ததும் அந்த மொத்தத்தை மட்டும் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொண்டு பத்துகளுக்குப் போகிறேன். யாராவது நடுவில் கூப்பிட்டால் அங்கிருந்தே தொடரலாம்.