உடைந்த முன்பல்லும் உயிர் பிழைத்த நரம்பும்

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளிக் குழாயடியில் வழுக்கி விழுந்ததில், மேல்வரிசை முன்பல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடைந்துபோனது. வகுப்பாசிரியை துண்டைத் தேடியெடுத்துப் பாலில் போட்டுக் கொடுத்தார். காய்ந்தால் துண்டு வெளுத்துப்போகும், ஒட்டினாலும் பிடிப்பு குறையும் என்று பல் மருத்துவர் பிறகு சொன்னார்.

அவர் முதலில் கிழிந்த உதட்டைத்தான் தடவிப் பார்த்தார். சில்லு ஏதும் உள்ளே புதைந்திருக்கலாமாம். துண்டு பல்லோடு முழுதாகப் பொருந்தியதும் எக்ஸ்-ரே எடுத்தார்.

எனாமல் மட்டும் உடைந்தால் பெரிய கவலையில்லை. அதற்கடுத்த மஞ்சள் பகுதி தெரிந்தால் கூசும். அதை மூடி ஒட்டிவிடலாம். இவனுக்கோ நடுவில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி தெரிந்தது, ரத்தமும் கசிந்தது. நரம்பு வெளிப்பட்டிருந்தது.

வேர் சிகிச்சைதான் வழி என்று நினைத்திருந்தேன். மருத்துவர் எக்ஸ்-ரேயில் வேர் நுனியைக் காட்டினார். இன்னும் மூடாமல் அகலமாக இருந்தது. வேரை வளர்த்துத் தடிமனாக்குவது அந்த நரம்புதான். இப்போதே முழுதாக எடுத்தால் வேர்ச்சுவர் மெலிந்தே நின்றுவிடும், பின்னாளில் ஈறோரத்தில் முறியக்கூடும்.

அதனால் மரப்பு ஊசி போட்டு, நீர் பீய்ச்சியபடி நரம்பின் மேற்பகுதியில் சுமார் 2 மி.மீ. மட்டும் நீக்கினார். சலைன் நனைத்த பஞ்சை வைத்துச் சில நிமிடங்கள் அழுத்தியதும் ரத்தம் நின்றது. நிற்காவிட்டால் அழற்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள், மேலும் ஆழமாக எடுக்க வேண்டியிருந்திருக்கும். மேலே வைக்கும் மருந்தில் சில வகை பல்லைச் சாம்பல் நிறமாக்கும் என்பதால், முன்பல்லுக்கு ஏற்றதாக நிறம் மாற்றாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த மருந்துக்கு இடம்விட, துண்டின் உட்புறத்தைச் சற்றுக் குடைந்தார். பிறகு அமில ஜெல், பசை, காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு, அதை இறுக வைக்கும் நீல ஒளி என வரிசையாக வைத்துத் துண்டை ஒட்டினார். உடைந்த கோட்டின் மேல் மெல்லிய பள்ளம் போட்டு அதையும் காம்போசிட்டால் நிரப்பினார். சிகிச்சை முழுவதும் அவன் அழவில்லை. ஊசிக்கு மட்டும் என் கையைப் பிறாண்டிவிட்டான்.

முதல் பரிசோதனை 6 முதல் 8 வாரங்களுக்குள். பின்பு 3 மாதம், 6 மாதம், ஓராண்டு. வேர் முதிராத பல் குளிர்ச்சிக்குச் சரியாகப் பதில் சொல்லாது என்பதால், எக்ஸ்-ரேயில் பக்கத்துப் பல்லின் வேரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஓராண்டில் வேர் நீண்டு, நுனி குறுகியிருந்தது. ஈறில் கொப்புளம், நிறமாற்றம், தானாக வரும் வலி, இவற்றில் எது தெரிந்தாலும் தவணைக்குக் காத்திராமல் வரச் சொல்லியிருக்கிறார்.

ஒட்டிய துண்டு மீண்டும் பெயரக்கூடும். அப்படி நடந்தால் திரும்ப ஒட்டலாம், அல்லது காம்போசிட்டால் கட்டிக்கொள்ளலாம். கொய்யாவையும் கரும்பையும் முன்பல்லால் கடிக்கத் தடை; நறுக்கித்தான் கொடுக்கிறோம்.