கடைசி 100 எம்பி

"உடனே ரீஸ்டார்ட் பண்ணியிருந்தா நாலு நிமிஷம் முன்னாடியே சைட் வந்திருக்குமே?" மேலாளர் கேட்டது இவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நானும் ஏதோ பதில் சொன்னேன், கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. எனக்குத்தான் இன்னும் அந்த நான்கு நிமிடம் முடியவில்லை.

லாக் வளர்ந்து டிஸ்க் நிறைந்த கதை இந்த வேலையில் இருக்கும் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். எங்களுடையதும் பெரிதாக வேறுபட்டதில்லை. 40 ஜிபி டிஸ்க், ஒரே பார்ட்டிஷன், அதில் `app.log` மட்டும் 29 ஜிபி. முகப்புப் பக்கம் திறந்தது. லாகின் செய்தால் 500. செஷன் ஃபைலை எழுத இடமில்லை, அதனால் லாகின் விழுந்தது. முகப்புப் பக்கம் எதையும் எழுதுவதில்லை, அதனால் பிழைத்தது. எங்கள் ஹெல்த் செக் தட்டிப் பார்ப்பதும் அதே முகப்புப் பக்கத்தைத்தான் என்பதால், யாராலும் உள்ளே நுழைய முடியாத நேரத்தில் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது.

முதலில் கொஞ்சம் குழப்பமும் இருந்தது. ரூட்டாக உள்ளே போய் ஒரு சின்ன ஃபைல் எழுதிப் பார்த்தால் எழுதியது. "இடம் இருக்கே?" என்று தோன்றும். ext4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. நமக்கு எழுத முடியும், வேறு பயனராக ஓடும் செயலிக்கு முடியாது. `df` சொல்லும் 100 சதவீதம் செயலியின் கண்ணால் பார்த்தது.

என்னோடு அன்று இருந்த இளையவர் செய்ய வேண்டியதைச் செய்தார். `rm app.log`. அப்புறம் `df -h`. எண் அசையவில்லை.

"அண்ணா, ஃபைலை அழிச்சுட்டேன். இடம் வரலையே."

`rm` அழிப்பது பெயரை மட்டும்தான். செயலி அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளடக்கம் டிஸ்கிலேயே இருக்கும். `du` பெயர்களைத் தேடிக்கொண்டு போவதால் அதற்கு அது தெரியாது. `df` ஃபைல் சிஸ்டத்தையே கேட்பதால் அதற்குத் தெரியும். இரண்டும் 29 ஜிபி முரண்பட்டால் எங்கே பார்ப்பது என்பதில் சந்தேகமே வேண்டாம்:

```
sudo lsof +L1
```

பெயரில்லாமல் திறந்து கிடக்கும் ஃபைல்களை இது காட்டும். எங்களுடையது 2317 என்ற ப்ராசஸிடம், ஐந்தாவது ஃபைல் டிஸ்க்ரிப்டராக இருந்தது. பக்கத்தில் `(deleted)`.

இந்த நிலையில் ரீஸ்டார்ட் செய்தால் ஃபைல் மூடும், இடம் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். மேலாளர் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரீஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் பாருங்க." ஆனால் அப்புறம் பார்க்க என்ன இருக்கும்? அந்த 29 ஜிபியில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் ஒருவரும் படித்திருக்கவில்லை. பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ப்ராசஸ் செத்தால் காரணமும் அதோடு போகும். உயிரோடு இருக்கும் வரை `/proc` வழியாக அதைப் படிக்கலாம். அதனால் "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பகுதியை வேறு சர்வருக்கு அனுப்பினேன்:

```
sudo tail -c 100M /proc/2317/fd/5 | ssh logs 'cat > tail.log'
```

அப்புறம் அதைத் திறந்து பார்த்தோம். ஒரே விஷயம் மீண்டும் மீண்டும். வரிசையில் இருந்த ஒரு செய்தியைச் செயலியால் பிரித்துப் படிக்க முடியவில்லை. பிழை வருகிறது, ஸ்டாக் ட்ரேஸ் எழுதுகிறது, செய்தியை வரிசையிலேயே திரும்பப் போடுகிறது, இடைவெளியே இல்லாமல் அதையே மறுபடி எடுக்கிறது. ஒரு ட்ரேஸ் சுமார் 6 கேபி, நொடிக்கு 500 தடவை. நொடிக்கு 3 எம்பி, மணிக்கு கிட்டத்தட்ட 11 ஜிபி. மூன்று மணி நேரத்துக்குள் 29 ஜிபி ஆகிவிடும். கடைசி வரி பாதி வாக்கியத்தில் அறுந்திருந்தது. அங்கேதான் டிஸ்க் நிறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு பயனர்கள் பார்த்த 500 ஒன்றுகூட லாகில் இல்லை. எழுத இடமில்லை என்பதை எழுதவும் இடமில்லை.

இப்போது நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். இளையவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணா, இந்த மெசேஜ் ஐடி முதல்ல எப்ப வந்ததுன்னு ஒரு தடவை தேடிப் பாத்துடட்டுமா?"

"வேணாம். காலி பண்ணுங்க."

செய்தார்:

```
sudo truncate -s 0 /proc/2317/fd/5
```

அடுத்த நொடியே 29 ஜிபி திரும்பி வந்தது, லாகின் வேலை செய்தது. செய்தியை வரிசையிலிருந்து எடுத்துத் தனியே வைத்தோம். செயலி இன்னும் பெயரில்லாத ஃபைலுக்கே எழுதிக்கொண்டிருந்ததால் கூட்டம் குறைந்த நேரத்தில் அதை ரீஸ்டார்ட் செய்தோம். (எங்கள் செயலி லாகை அப்பெண்ட் முறையில் திறப்பது நல்லதாய்ப் போயிற்று. இல்லையென்றால் காலி செய்த பிறகும் பழைய இடத்திலிருந்தே எழுதியிருக்கும். `lsof` பார்த்தால் மறுபடி 29 ஜிபி என்று பயமுறுத்தும், உண்மையில் அவ்வளவு இடம் பிடித்திருக்காது.)

மேலாளரின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்திருந்தால் அதே செய்தி வரிசையில் அப்படியே இருந்திருக்கும், மூன்று மணி நேரம் கழித்து மறுபடி விழுந்திருப்போம். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதே பதில் அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. செய்தி வரிசையில் அப்படியே இருந்திருக்கும் என்றால், ரீஸ்டார்ட் ஆன முதல் நொடியிலேயே புது லாகில் அதே ட்ரேஸ் 500 தடவை வந்திருக்கும். சைட்டும் ஓடிக்கொண்டிருக்கும், காரணமும் கண் முன்னால் இருக்கும். அப்படியானால் நான் எடுத்து வைத்த 100 எம்பி எதற்கு?

சரி, ஆனால் அது ஓயாத சுழல் என்பது அதைப் படித்த பிறகுதானே தெரிந்தது. ஒரே தடவை வந்து போன வேறு ஏதாவதாக இருந்திருந்தால், ரீஸ்டார்ட்டோடு தடயமும் போயிருக்கும். தெரியாத நேரத்தில் எடுத்த முடிவைத் தெரிந்த பிறகு அளப்பது நியாயமில்லை. இது எனக்குப் பலமான வாதமாகவே படுகிறது.

ஆனால் இந்த வாதத்தை நம்புகிறவன் இளையவர் கேட்டபோது ஏன் வேண்டாம் என்றான்? நொடிக்கு 3 எம்பி என்றால் 100 எம்பியில் அடங்குவது சுமார் அரை நிமிடம். என் கையில் இருந்தது சுழலின் கடைசி அரை நிமிடம், அதற்கு முந்தைய அரை நிமிடத்தைப் போலவே இருக்கும் ஒன்று. அந்தச் செய்தி முதலில் எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் வேறு என்ன நடந்தது, யார் அனுப்பியது என்பதெல்லாம் ஃபைலின் தொடக்கத்தில் இருந்தது. அதைத்தான் காலி செய்யச் சொன்னேன். கெட்ட செய்தியின் உள்ளடக்கம் இன்று எங்களிடம் இருக்கிறது. அது எப்படி உருவானது என்பது இல்லை.

29 ஜிபியைத் தேட ஐந்து நிமிடமாவது ஆகும், சைட் விழுந்து கிடக்கும்போது அது முடியாது என்பதுதான் அப்போது என் கணக்கு. நொடிக்கு 100 எம்பி படிக்கும் டிஸ்கில் முழு ஃபைலுக்கு அது சரிதான். ஆனால் `grep -m 1` முதல் இடத்தைக் கண்டதும் நின்றுவிடும். எங்கள் லாக் சாதாரண நாளில் சில நூறு எம்பிதான். அப்படியானால் 29 ஜிபியில் ஏறக்குறைய எல்லாமே சுழல். அதன் முதல் வரி ஃபைலின் முன்பகுதியிலேயே இருந்திருக்க வேண்டும். சில நொடி வேலை. இளையவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கேட்டாரா என்று தெரியாது. நான் கேட்டதும் இல்லை. நானும் டிஸ்க் வரைபடத்தைத் திறந்திருந்தால் கோடு திடீரென்று ஏறியதைப் பார்த்திருப்பேன். ஆனால் போனில் ஒருவர் காத்திருக்கும்போது யார் வரைபடம் திறப்பார்கள்?

என்னை உறுத்துவது இரண்டு தரப்புக்கும் நடுவில் நான் நின்ற இடம். சீக்கிரம்தான் முக்கியம் என்றால் ரீஸ்டார்ட். தடயம்தான் முக்கியம் என்றால் தொடக்கத்தையும் தேடியிருக்க வேண்டும். நான் நான்கு நிமிடத்தையும் செலவழித்து, பாதித் தடயத்தை எடுத்தேன். இன்னொரு நாள் இதையே நிதானமான முடிவு என்றும் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், அதுவும் பொய்யாகப் படவில்லை.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. மறுமுயற்சிக்கு இடைவெளி வைத்தோம், மூன்று தடவை விழுந்த செய்தி தனி வரிசைக்குப் போகும். லாக்ரொட்டேட்டில் `daily` மட்டும் இருந்தது, `maxsize 500M` சேர்த்தோம். அதைச் சேர்த்தால் மட்டும் போதாது. லாக்ரொட்டேட் ஓடும்போதுதான் அளவைப் பார்க்கும், அது வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். மணிக்கு ஒருமுறை ஓட வைத்தோம். அப்போதும் இதே வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 11 ஜிபி சேரும், அதனால் லாகுக்குத் தனிப் பார்ட்டிஷன் கேட்டிருக்கிறேன். 90 சதவீத எச்சரிக்கை முன்பே இருந்தது, மின்னஞ்சலில் வந்தது. நொடிக்கு 3 எம்பி வேகத்தில் அது கொடுத்தது இருபது நிமிடம். மின்னஞ்சலை யாரும் இருபது நிமிடத்தில் பார்க்கவில்லை.

கையேட்டில் மட்டும் இழுபறி. காலி செய்வதற்கு முன் கடைசி 100 எம்பியை எடுக்க வேண்டும், பிறகு `timeout 30` வைத்து முதல் இடத்தைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று எழுதினேன். "சைட் விழுந்திருக்கும்போது இதை யார் டைப் பண்ணுவாங்க?" என்று மேலாளர் பக்கத்தில் குறித்திருந்தார். நியாயம்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் போட்டேன். இளையவர் அதைப் படித்துவிட்டு, தடயம் போய்ச் சேரும் சர்வரின் டிஸ்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.