பெரிய நிறுவனம், சின்ன ஸ்டார்ட்அப்: ஜூன் மாத நேர்காணல் குறிப்புகள்

ஜூன் 2, திங்கள்

இரண்டு இடத்திலிருந்தும் அழைப்பு வந்துவிட்டது. ஒன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம். இன்னொன்று தரமணியில் இருபது பேரோடு நடக்கும் ஸ்டார்ட்அப், சிறு கடைகளுக்கு ஆன்லைன் ஆர்டர் மென்பொருள் செய்கிறது. இரண்டும் பேக்எண்ட் வேலைதான்.

பெரிய நிறுவனம் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறது. கோடிங் இரண்டு சுற்று, சிஸ்டம் டிசைன் ஒன்று, பழைய அனுபவங்களைப் பற்றிய பேச்சு ஒன்று, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஸ்டார்ட்அப்பிலிருந்து வந்தது ஒரே வரி வாட்ஸ்அப்: “அடுத்த வியாழன் ஆபீஸ் வர முடியுமா? லேப்டாப் எடுத்துட்டு வாங்க.”

ஜூன் 4, புதன்

பழைய டீம் லீட் அக்காவிடம் போனில் பேசினேன். இப்போது அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்காணல் எடுக்கிறார். அவர் சொன்னதில் ஒன்றை எழுதி வைத்தே ஆகவேண்டும்.

“உன்னை எடுக்கலாமா வேணாமான்னு நான் தனியா முடிவு பண்றதில்லடா. நீ பேசும்போது டைப் பண்ணிக்கிட்டே இருப்பேன். உன் முகத்தையே பார்க்காதவங்களும் அந்தக் குறிப்பைப் படிச்சுத்தான் பேசுவாங்க.”

கூகுளில் இதற்கென்றே ஒரு தேர்வுக் குழு இருப்பதும், அமேசானில் ‘பார் ரெய்சர்’ என்று வேறு அணியிலிருந்து ஒருவர் வந்து உட்காருவதும் ஏன் என்று இப்போது புரிகிறது. அவசரமாக ஆள் தேடும் மேலாளரின் கையில் மட்டும் முடிவு இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அப்படியென்றால் பத்து நிமிடம் வாய் திறக்காமல் யோசித்து சரியான விடை எழுதினாலும், அந்தப் பத்து நிமிடத்துக்குக் குறிப்பில் ஒரு வரியும் இருக்காது. நான் பேசாமல் கோட் எழுதுகிறவன். இரண்டு வாரம் வாய்விட்டுப் பேசிப் பழகவேண்டும், வீட்டில் என்ன நினைத்தாலும் சரி.

ஜூன் 7, சனி

அக்கா வீடியோவில் மாதிரி நேர்காணல் எடுத்தார். கேள்வி: கூட்டங்களின் தொடக்க நேரமும் முடியும் நேரமும் கொடுத்தால், குறைந்தது எத்தனை அறை வேண்டும்?

நான் முதலில் கேட்டது, “10 மணிக்கு முடியற கூட்டத்தோட அறையை, 10 மணிக்கே தொடங்கற கூட்டத்துக்குத் தரலாமாக்கா?” தரலாம் என்றார். 9 முதல் 10, 9:30 முதல் 11, 10 முதல் 12 என்று மூன்று கூட்டங்களை எடுத்துக்கொண்டேன். தரலாம் என்றால் இரண்டு அறை போதும். கூடாது என்றால் மூன்று. கோடில் `<=` வருமா `<` வருமா என்பதுதான் வித்தியாசம், ஆனால் அதைக் கேட்டவனா கேட்காதவனா என்பது குறிப்பில் ஏறுமாம்.

பிறகு தொடக்க நேரப்படி வரிசைப்படுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் கூட்டங்களின் முடியும் நேரங்களை, மிகச் சிறியது எப்போதும் உச்சியில் நிற்கும் ஒரு மின்-ஹீப்பில் வைத்தேன். புதுக் கூட்டம் வரும்போது, உச்சியில் இருக்கும் நேரம் அதன் தொடக்கத்தைத் தாண்டாவிட்டால் அதை எடுத்துவிட்டு அந்த அறையையே கொடுக்கலாம். கடைசியில் ஹீப்பின் அளவே விடை. ஆகும் நேரம் `O(n log n)`. எழுதி முடித்ததும் அதே மூன்று கூட்டங்களைக் கோடின் வழியே வரி வரியாக ஓட்டிக் காட்டச் சொன்னார். பல இடங்களில் ‘ரன்’ பட்டனே இருக்காதாம்.

ஜூன் 8, ஞாயிறு

அனுபவக் கேள்விகளுக்கு ஆறேழு சம்பவங்களை எழுதினேன். அமேசான் தன் 16 தலைமைக் கொள்கைகளை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. அங்கே போகாவிட்டாலும் பயிற்சிக்கு நல்ல பட்டியல். எழுதியதைப் படித்தால் எங்கும் ‘நாங்கள் செய்தோம்’. குறிப்பு எடுப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. ‘நான்’ என்ன செய்தேன், எண்ணில் என்ன மாறியது என்று திருத்தினேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டார்ட்அப்புக்கான தயாரிப்பே வேறு. அவர்கள் செயலியை இறக்கி ஒரு கடையில் முறுக்கு வாங்கினேன். பிறகு பிளே ஸ்டோரில் ஒரு நட்சத்திர விமர்சனங்களாகப் பார்த்துப் படித்தேன். ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது: ஒருமுறை பணம் கட்டினால் ஆர்டர் இரண்டாக விழுகிறது. பணம் வந்ததும் பேமென்ட் கேட்வே கடையின் சர்வருக்குத் தானாக அனுப்பும் அறிவிப்புதான் வெப்ஹூக். அதைப் பற்றிய ஆவணத்தை எடுத்துப் படித்தேன். ஒரே அறிவிப்பை அது ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பலாம் என்று அதிலேயே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

நிறுவனரும் இன்னொரு பொறியாளரும் உட்கார்ந்தார்கள். ஹீப்பும் இல்லை, மரமும் இல்லை. நிறுவனர் தங்கள் கோட் ஃபைலையே திறந்து, “ஆர்டர் டபுள் ஆகுது. எப்படி சரி பண்ணுவீங்க?” என்றார்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் கேட்வே தரும் அடையாள எண்ணை ஒரு அட்டவணையில் பிரைமரி கீயாக வைக்கலாம் என்றேன்.

```sql
INSERT INTO payment_events (event_id)
VALUES ($1)
ON CONFLICT (event_id) DO NOTHING;
```

ஒரு வரி சேர்ந்தால் புது அறிவிப்பு. சேராவிட்டால் ஏற்கெனவே பார்த்தது, 200 அனுப்பிவிட்டு விலகலாம். “இதை எழுதிட்டு ஆர்டர் போடறதுக்குள்ள சர்வர் விழுந்துட்டா?” என்று மற்றவர் மடக்கினார். நல்ல கேள்வி. கேட்வே மறுபடி அனுப்பும்போது ‘பார்த்தாச்சு’ என்று தள்ளிவிடுவோம், பணம் கட்டியவருக்கு ஆர்டரே இருக்காது. அதனால் ஏறினால் இரண்டும், இல்லாவிட்டால் எதுவுமில்லை என்று இரண்டு பதிவும் ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனில் போகவேண்டும். கடைக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற மெதுவான வேலை அதற்கு வெளியே, க்யூவில். கேட்வே பதிலுக்கு அதிக நேரம் காத்திருக்காது.

பிறகு நிறுவனர் கேட்டது: “உங்ககிட்ட ரெண்டு நாள்தான் இருக்கு. இதுல எதை விடுவீங்க?” பெரிய நிறுவனத்துக்குப் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. க்யூவை விடுவேன், டிரான்சாக்‌ஷனை விடமாட்டேன் என்றேன். இங்கே யாரும் குறிப்பு எடுக்கவில்லை. நாளை இவனோடு உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்று பார்ப்பவர்களே முடிவையும் எடுக்கிறார்கள். இது நல்லதா? ஒருவரின் மனநிலை சரியில்லாத நாளில் போய் மாட்டினால் மேல்முறையீடு கிடையாது.

என் முறை வந்தபோது, கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் வரும் என்று கேட்டேன். பதினான்கு மாதம் என்றார், தயங்காமல். தயங்கியிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஜூன் 18, புதன்

பெரிய நிறுவனத்தின் எல்லாச் சுற்றும் இன்றே முடிந்தது. நால்வரும் மரியாதையாகப் பேசினார்கள், நால்வருடைய கீபோர்டும் விடாமல் சத்தம் போட்டது. நன்றாகச் செய்தேனா என்று முகத்தைப் பார்த்து ஒன்றும் கணிக்க முடியவில்லை. முடிவு தெரிய இரண்டு வாரமாவது ஆகும்.

ஜூன் 21, சனி

ஸ்டார்ட்அப் ஆஃபர் வந்துவிட்டது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், கூடவே 4,000 ஈசாப், அதாவது குறித்த விலைக்குப் பின்னால் நிறுவனத்தின் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மொத்தப் பங்கு எத்தனை என்று கேட்டேன். ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து 10 லட்சம். ஆக 0.4 சதவீதம். நான்கு வருடத்தில் கைக்கு வரும், முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வருடம் இந்தியச் சட்டமே வைத்திருக்கும் குறைந்தபட்சம்.

வரிதான் பலர் பார்க்காத இடம். பங்கை வாங்கும் விலை 10 ரூபாய். வாங்கும் நாளில் அதன் மதிப்பு 500 என்று இருந்தால், வித்தியாசம் 490. நாலாயிரம் பங்குக்கு 19.6 லட்சம். ஒரு பங்கைக்கூட விற்காதபோதே அது சம்பளமாகக் கணக்கில் ஏறும். 30 சதவீத வரம்பில் இருந்தால் ஏறக்குறைய 6 லட்சம் வரி. சில ஸ்டார்ட்அப்களுக்கு அந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு, ஆனால் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும்.

நிறுவனருக்கு இரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறேன்: அந்தச் சான்றிதழ் இருக்கிறதா, வேலையை விட்டால் பங்கை வாங்க எத்தனை நாள் அவகாசம்? பெரிய நிறுவனத்தின் பதில் வரும்வரை கையெழுத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்பதையும் திங்கட்கிழமை பேசவேண்டும்.