பதினெட்டாவது விண்ணப்பம்

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஓர் இணையதளத்தில் மொழிபெயர்ப்பு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பதினேழு இடத்துக்கு எழுதியும் ஒருவரும் பதில் போடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கடுதாசிதான்: எம்.ஏ. ஆங்கிலம், தமிழ் தாய்மொழி, பிழையே இருக்காது, வாய்ப்புத் தந்தால் மறக்க மாட்டேன். போட்டிக்கு வருகிற எல்லோருக்கும் தமிழ்தான் தாய்மொழி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதோடு, அங்கே வேலை தருகிறவருக்கு விண்ணப்பப் பட்டியலில் தெரிவது நாம் எழுதுவதன் முதல் இரண்டு வரிதான். என் முதல் இரண்டு வரியில் வணக்கமும் படிப்பும்தான் இருந்தன.

பதினெட்டாவதாகக் கண்ணில் பட்டது லண்டனிலிருந்து வந்த சின்ன வேலை. கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் முதியவர்களுக்கான குறிப்பு, 430 ஆங்கிலச் சொல். முதல் பத்தியை விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். சொட்டு மருந்து பற்றிய வரியை எடுத்து எழுதிப் பார்த்தேன்: “அறுவை சிகிச்சை செய்யப்பட்ட கண்ணில் ஒரு துளியைத் தினமும் நான்கு முறை இடவும்.” இலக்கணம் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் ஆச்சிக்குப் போன வருடம்தான் புரை எடுத்திருந்தோம். அவளிடம் வாசித்துக் காட்டினேன். “ஏட்டி, ஒரு சொட்டத்தான் நாலு தடவ விடணுமாக்கும்? அது எப்படி விடுவாவ?” என்றாள். நான் சிரித்துவிட்டேன், ஆனால் வரி அப்படித்தான் சொல்கிறது. உடைத்து எழுதினேன்: “அறுவை சிகிச்சை செய்த கண்ணில் மட்டும் ஒரு நாளைக்கு நான்கு முறை மருந்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சொட்டு போதும்.”

இதை மேலே வைத்துத்தான் செய்தியைத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் போன மீதியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“உங்கள் சொட்டு மருந்து வரி தமிழில் இப்படி வரும். சொல்லுக்குச் சொல் போட்டால், ஒரே சொட்டை நான்காகப் பிரிக்கச் சொல்வதுபோல் ஆகும். அதனால் இரண்டு வாக்கியமாக்கினேன். ஒரு கேள்வி: படிக்கப்போகிறவர்கள் தமிழ்நாட்டுக்காரர்களா, இலங்கைக்காரர்களா? சில சொற்கள் மாறும். 430 ஆங்கிலச் சொல்லுக்கு மொத்தம் 20 டாலர். வியாழன் மாலை யூனிகோடில் வேர்டு கோப்பாகத் தருவேன். பக்கம் வடிவமைத்த பிறகு ஒருமுறை சரிபார்ப்பதும் இதில் சேர்த்தி.”

ஆங்கிலச் சொல் என்று சொல்லிவிடுவது நல்லது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல். தமிழை எண்ணிக் காசு கேட்டால் நமக்குத்தான் நஷ்டம். மாதிரியும் இரண்டு வரிக்கு மேல் கொடுக்கவில்லை. முழுப் பக்கத்தையும் மாதிரியாகக் கேட்கிறவர்கள் உண்டு, அது ஓசி வேலை.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லையாம். படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் இலங்கையிலிருந்து வந்த முதியவர்கள், உங்களால் முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் கொஞ்சம் தயங்கினேன். நாம் அறுவை சிகிச்சை என்பது அவர்களுக்குச் சத்திரசிகிச்சை, நம் மருத்துவமனை அவர்களுக்கு வைத்தியசாலை. இந்த மாதிரி சிலது தெரியுமே தவிர, அந்தத் தமிழ் எனக்கு முழுக்கப் பழக்கமில்லை. தெரியும் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. கடைசியில், “எழுதுவது நான், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த என் தோழி ஒருமுறை வாசித்துத் திருத்துவாள், விலை அதேதான்” என்று எழுதினேன். சரி என்றார்கள். தோழிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். அவள் ஏழு இடத்தில் கை வைத்தாள். அதில் நாலு நான் சந்தேகமே படாத சொற்கள்.

வியாழன் மாலை கோப்பை அனுப்பினேன். சனிக்கிழமை வடிவமைத்த பக்கம் வந்தது. திறந்து பார்த்தால் ‘சொட்டு’ என்ற சொல்லே உடைந்து கிடந்தது: சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. ‘செய்த’, ‘கொள்ளுங்கள்’ எல்லாம் அதே கதி. வேர்டில் நன்றாக இருக்கும் எழுத்து, வடிவமைக்கும் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் இப்படி ஆகிவிடும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது. நான் அனுப்பிய வேர்டு பக்கத்தையே பிடிஎஃப் ஆக்கி, உடைந்த இடங்களை வட்டமிட்டு, பக்கத்தில் வைத்து ஒப்பிடும்படி எழுதினேன். அன்று ராத்திரியே திருத்தி அனுப்பினார்கள். கொம்பெல்லாம் முன்னால் வந்திருந்தது.

இருபது டாலரில் இணையதளத்தின் பங்கும் தோழியின் ஐந்நூறும் போக வந்ததை ஆச்சியிடம் சொன்னேன். “எனக்கு ஒண்ணும் கிடையாதாட்டி?” என்றாள்.