போர்த்துகீசியத் தேர்வுத் தயாரிப்பு, ஆறாவது வாரம்: ஷேகாவும் ஷேகவ்ங்கும்

லிஸ்பன் பல்கலைக்கழகம் நடத்தும் சிப்லே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏ2 நிலை. கேட்டல் பகுதிக்கு 30 நிமிடம், 30 சதவீத மதிப்பெண். எனக்கு அடி விழுவது அங்கேதான்.

போன வாரம் ஒரு சின்னப் பயிற்சி. ஆனா என்ற பெண் போர்ட்டோவில் வசிக்கிறாள், அவள் பெற்றோர் பிராகாவில் வசிக்கிறார்கள். அடுத்த வாக்கியம், "ஷேகவ்ங் நு சாபடு". சனிக்கிழமை வருவது யார் என்பது கேள்வி. நான் ஆனா என்று எழுதினேன். வருவது பெற்றோர்.

நம் மொழியைப் போலவே போர்த்துகீசியத்திலும் எழுவாயை விட்டுவிடுவார்கள், விகுதியே ஆளைச் சொல்லிவிடும். 'ஷேகா' என்றால் வருகிறாள், 'ஷேகவ்ங்' என்றால் வருகிறார்கள். எழுத வழியில்லாமல்தான் ங் போடுகிறேன். அங்கே மெய்யே கிடையாது, உயிரொலி மூக்கு வழியாக வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

உதடு மூடினால் தப்பு, நாக்கு மேலே தொட்டாலும் தப்பு. பேச்சில் 'மரம்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ம் முழுதாக மூடாமல் மூக்கில் கரைந்துவிடும். அந்தக் கரைசல்தான் வேண்டும். கண்ணாடி முன் நின்று, 'ஆம்' என்று பொருள்படும் 'சிங்' என்ற சொல்லை உதடு ஒட்டாமல், பின்நாக்கு எழாமல் நீட்டிச் சொன்னேன். நடுவில் மூக்கைப் பிடித்தால் ஒலி அடைபட்டு மாற வேண்டும். மாறாவிட்டால் அது வெறும் 'சி'.

ஆனால் அந்த வாக்கியத்தில் மூக்கொலியை மட்டும் நம்ப முடியாது. அடுத்த சொல்லே 'நு', அதுவும் மூக்கில் பிறப்பதுதான். நாலைந்து முறை ஓட்டிக் கேட்ட பிறகு பிடிபட்டது: பன்மையில் உதடு குவிந்து ஒரு 'வ்' வருகிறது, ஒருமையில் வருவதில்லை. இப்போது காது அந்த வ்-வைத்தான் தேடுகிறது.

வினைத்திரிபை 'ஃபாலு, ஃபாலஷ், ஃபாலா' என்று வரிசையாக ஒப்பிப்பதையும் விட்டுவிட்டேன். வரிசையில் தெரிந்தது தனியாகக் கேட்டால் வருவதில்லை. நாம் "தெரியுமா?" என்றால் "தெரியும்" என்கிறோமே, அவர்களும் வினையையே பதிலாகச் சொல்வார்கள். "ஃபாலஷ்?" பேசுகிறாயா? "ஃபாலு." பேசுகிறேன். "ஃபாலவ்ங்?" பேசுகிறார்களா? "ஃபாலவ்ங்." தினமும் மூன்று வினைகள், பத்து நிமிடம். கேள்விகளை என் குரலிலேயே கலைத்துப் பதிவு செய்து, ஓடவிட்டுப் பதில் சொல்கிறேன்.

இன்னும் பிடிபடாதது 'வசி' என்ற வினை. ஒருமை 'வீவ்', கடைசி எ கிட்டத்தட்ட விழுங்கப்படுகிறது. பன்மை 'வீவெய்ங்'. பின்னால் 'இல்' என்ற பொருளில் 'எய்ங்' வந்தால் ஒருமையும் பன்மைபோலவே கேட்கிறது. பன்மையில் அந்த எய்ங் இரண்டு முறை வருவதால் சற்று நீளும், வித்தியாசம் அதுதான். இந்த வாரம் அந்த ஒரு ஜோடியை மட்டுமே கேட்கப் போகிறேன்.