ரோன் கேள்விக்கு நான் எழுதின விதம்: ஒரே ஒரு சொனற்றை வைச்சு

ஏ/எல் ரிசல்ட்ஸ் போன கிழமை வந்தது, இங்கிலிஷ் லிற்றரேச்சருக்கு நான் எதிர்பார்த்ததை விட நல்லாவே வந்திருக்கு. எப்பிடிப் படிச்சனீங்கள் எண்டு கேக்கிற தம்பி தங்கச்சியவைக்கு ஒருக்கா எழுதி வைப்பம். பேப்பர் எப்பிடி வரும் எண்டு உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகேல்ல. கவிதை மட்டும், அதிலயும் மெற்றஃபர், இமேஜரி, ரோன் மூண்டும் மட்டும்.

முதல்ல ஒரு கோவத்தைக் கொட்டிப்போட்டு வாறன். நான் போன ரியூசனில ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு பக்க நோட்ஸ், அதில "கவிஞர் விவிட் இமேஜரி பாவிக்கிறார்", "ரோன் மெலன்கொலிக்" எண்டு இருக்கும். அந்த வசனத்தைத் தூக்கி வேற எந்தக் கவிதைக்குப் போட்டாலும் பொருந்தும், பிறகு அதுக்கு ஆர் மாக்ஸ் போடுவினம்? எனக்கு எண்டால் பாடமாக்கவே ஏலாது, அதால வேற வழி தேட வேண்டி வந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு வரியில கவிஞர் போட்ட சொல்லை எடுத்துப்போட்டு, சாதாரணமா ஒரு ஆள் போடக்கூடிய சொல்லை அந்த இடத்தில வைச்சு வாசிக்கிறது. ஏதாவது குறைஞ்சு போச்சுதெண்டால் என்ன குறைஞ்சது எண்டு தமிழில எழுதுறது, அதுதான் விடை. ஒண்டும் குறையாட்டி அந்த வரியை விட்டிட்டு அடுத்ததுக்குப் போறது.

ஷேக்ஸ்பியரின்ர 73ஆவது சொனற்றை எடுங்கோ, 1609ல அச்சில வந்த தொகுப்பில இருக்கிறது. வயசு போன ஒருத்தர் தான் நேசிக்கிற ஆளைப் பாத்து, என்னில நீ ஒரு காலத்தைப் பாக்கிறாய் எண்டு தொடங்கிறார். ரெண்டாவது வரியில இலையைச் சொல்லுற ஒழுங்கைக் கவனியுங்கோ: மஞ்சள் இலை, அல்லது ஒண்டும் இல்லை, அல்லது கொஞ்சம். நாங்கள் எழுதினால் என்ன ஒழுங்கில எழுதுவம்? மஞ்சள், பிறகு கொஞ்சம், பிறகு ஒண்டும் இல்லை. மரம் மொட்டையாகிற வரிசை அதுதானே. அப்பிடி மாத்தி வாசிச்சால் வரி நேர கீழ இறங்கிப் போய் முடிஞ்சிடும். ஷேக்ஸ்பியர் வைச்ச மாதிரி வாசிச்சால் "ஒண்டும் இல்லை" எண்டு சொன்ன வாய் உடன "இல்லை இல்லை, கொஞ்சம் கிடக்கு" எண்டு பின்வாங்குது. முடிஞ்சுது எண்டு சொல்லவும் மனமில்லை, இருக்கு எண்டு சாதிக்கவும் தெம்பில்லை. ரோன் எண்டுறது அந்தத் தயக்கம்தான். "சாட்" எண்டு எழுதினால் அது விடுபட்டுப் போகும், வழுக்கின இடத்தைக் காட்டி எழுதினால் அந்த வரியை வாசிச்ச ஆள் எண்டு விளங்கும்.

இதில எங்கட ஊர் ஆக்களுக்கு ஒரு கரைச்சல் இருக்கு. இங்க வேம்பு இலை கொட்டுறது மாரி முடிஞ்சு வெயில் தொடங்கேக்க, கொட்டின கையோட தளிரும் வந்திடும். அங்க இலை விழுந்தால் அதுக்குப் பிறகு மாதக்கணக்கில குளிரும் இருட்டும். அது தெரியாமல் வாசிச்சால் அந்த வரியில பயம் இருக்கிறதே தெரியாது.

இனி மெற்றஃபர். எந்த ரெண்டு சாமானைச் சேர்க்கினம் எண்டு கண்டுபிடிக்கிறதோட கனபேர் நிண்டிடுவினம். எது பொருந்துது, எது பொருந்தேல்ல எண்டு ரெண்டையும் பாக்க வேணும், பொருந்தாத இடத்திலதான் கனக்க எழுதலாம். இந்தச் சொனற்றில மூண்டு மெற்றஃபர்: வருசத்தின்ர கடைசிக் காலம், பொழுதுபட்ட நேரம், சாம்பலுக்கு மேல அணையப் போற நெருப்பு. வருசம், நாள், கொஞ்ச நேரத்தில அணையிற தணல் எண்டு காலம் சுருங்கிக் கொண்டு போகுது. அதோட, வசந்தம் திரும்ப வரும், விடியலும் திரும்ப வரும், மனிசன் திரும்ப வரமாட்டான், முதல் ரெண்டும் அந்த இடத்தில பொருந்தாமல் நிக்குது. மூண்டாவதா வாற நெருப்பு அணைஞ்சால் அணைஞ்சதுதான், அங்கதான் மெற்றஃபர் முழுசாப் பொருந்துது. எந்த விறகு அந்த நெருப்பை வளர்த்ததோ, அது எரிஞ்ச சாம்பலே அதை மூடிக் கொல்லுது எண்டும் சொல்லுறார். இளமைதான் எரிபொருள், எரிஞ்சு முடிஞ்ச இளமைக்கு மேலதான் இவர் படுத்திருக்கிறார். இதை ரெண்டு வசனத்தில எழுதினாலே காணும்.

இமேஜரி எண்டால் புலனுக்குப் படுறது, மெற்றஃபர் எண்டால் ஒண்டை இன்னொண்டா வைக்கிறது. ரெண்டும் ஒரே வரியில வரலாம், ஆனால் ரெண்டுக்கும் எழுத வேண்டியது வேற. குளிரில நடுங்கிற கொப்பு எண்டுறது இமேஜ், கண்ணுக்கும் தோலுக்கும் படுது. அதே கொப்பை "இடிஞ்ச குவையர்" எண்டு சொல்லேக்க மெற்றஃபர். குவையர் எண்டு இங்க சொல்லுறது தேவாலயத்துக்குள்ள பாடுற ஆக்கள் வரிசையா இருக்கிற இடத்தை. 1530களில எட்டாம் ஹென்றி மடங்களை மூடினதால இங்கிலாந்தில அப்பிடிக் கன இடம் இடிஞ்சு கிடந்தது, ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564ல. வில்லியம் எம்ப்சன் எண்ட விமர்சகர் 1930ல இந்த ஒரு வரியை எடுத்து, கொப்பும் குவையரும் ஏன் பொருந்துது எண்டு காரணம் காரணமா அடுக்கியிருக்கிறார்: ரெண்டும் மரம், ரெண்டிலயும் வரிசையா இருந்து பாடுறது, அப்பிடிப் போகும். சங்கானையில கூரையில்லாமல் நிக்கிற பழைய தேவாலயத்துக்குள்ள போய் ஒருக்கா நிண்டு பாருங்கோ. சுவர் நிக்குது, மேல பாத்தால் வானம், பாட்டுச் சத்தம் மட்டும் இல்லை. குருவி பாடினது எண்டு எழுதி, இப்ப பாடேல்ல எண்டு எங்களைக் கேக்க வைக்கிறார். "இது கேட்டல் இமேஜ்" எண்டு பேர் வைச்சிட்டுப் போகாமல், கேக்காத சத்தம் என்ன செய்யுது எண்டு எழுதுங்கோ.

கடைசி வரியில திரும்பவும் மாத்திப் பாக்கிறது. நீ கெதியில "விட்டிட்டுப் போக வேண்டிய" ஒண்டை நல்லா நேசிக்கிறாய் எண்டு முடியுது. சாகப் போறவர் இவர், அப்ப மற்ற ஆள் "இழக்கப் போற" எண்டெல்லோ வரவேணும்? லூஸ் வரவேண்டிய இடத்தில லீவ். லூஸ் எண்டு வாசிச்சால் அனுதாபம் மட்டும் கேக்குது, லீவ் எண்டு வாசிச்சால் நீதான் என்னை விட்டிட்டுப் போகப் போறாய் எண்ட ஒரு மெல்லிய குத்தும் சேர்ந்து கேக்குது. உன்ர இளமையை ஒருநாள் நீயும் விட வேண்டி வரும் எண்டும் சிலர் வாசிப்பினம், அதுவும் சரிதான், ரெண்டையும் போடலாம். ஆனால் ரோன் கவிதை முழுக்க ஒண்டு எண்டு எழுதாதேங்கோ. தயக்கத்தில தொடங்கி, நெருப்பில உறுதியாகி, முடிவில பாசமும் குத்துமாத் திரும்புது.

நான் ரஃப் பேப்பரில செய்தது:
- முதல் வாசிப்பு வாய்க்குள்ள முணுமுணுத்து. இந்த ஆள் எங்கட வீட்டுக் குசினியில நிண்டு சொன்னால் எந்தக் குரலில சொல்லுவார் எண்டு தமிழில ஒரு வரி.
- மாத்திப் பாக்க ரெண்டு சொல் மட்டும். அஞ்சாறு எடுத்தால் ஒண்டும் ஆழமா வராது.
- "ஆனால்" வாற இடம், கடைசி ரெண்டு வரி: ரோன் திரும்புற இடம் பெரும்பாலும் அங்க.
- பிறகுதான் இங்கிலிஷ். சின்னச் சின்ன வசனம். மேற்கோள் மூண்டு நாலு சொல்லுக்கு மேல வேண்டாம்.

இங்கிலிஷ் வேகமா ஓடுற பிள்ளையளுக்குத் தமிழில எழுதுற படி நேர விரயம், அவை விட்டிடலாம். எனக்கு அது இல்லாட்டி கை ஓடாது.

இந்த முறை நேர வேலை செய்யாத கவிதையளும் இருக்கு. றொபேட் பிரவுணிங் 1842ல வெளியிட்ட "மை லாஸ்ட் டச்சஸ்" கவிதை மாதிரி, பேசுறது ஒரு பிரபு, எழுதினது கவிஞர். பிரபுவின்ர குரல் மரியாதையா, அமைதியா இருக்கும், சொல்லுற விசயம் மனிசியைத் தீர்த்துக் கட்டினது. அப்பிடியானதுக்கு ரோனை ரெண்டு தரம் கேக்க வேணும், பேசுற ஆள் எப்பிடிச் சொல்லுறார், கவிதை அந்த ஆளை எப்பிடிக் காட்டுது எண்டு, ரெண்டையும் வேற வேற பந்தியில எழுதுங்கோ.